மாறினார்களா, மாற்றப்பட்டார்களா?

இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் மாணவர்கள் கட்டுரை வரைவை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு படித்துக் கருத்துச் சொல்லும் பழக்கத்தைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். காவிரி, நெகிழி, கைப்பேசி என்று எழுதினால் பேனா தாராளமாக ஓடும். சாதியும் மதமாற்றமும் என்று யாராவது எழுதிவிட்டால் படிப்பவரின் கை நின்றுவிடும். 'நன்று' என்று ஒரு சொல், இரண்டு சந்திப்பிழைத் திருத்தம், அவ்வளவுதான் திரும்பி வரும். நான் மாணவனாக இருந்தபோது இதே பொருளில் எழுதிய கட்டுரை, 'சிக்கலான தலைப்பு, தவிர்க்கவும்' என்ற குறிப்போடு கைக்கு வந்தது. எது தவறு, எது சரி என்று அன்று யாரும் சொல்லவில்லை. அந்தக் குறை இன்றும் எனக்குள் இருக்கிறது.

சென்ற பருவத்தில் ஒரு மாணவர் மீனாட்சிபுரம் பற்றி எழுதினார். 1981 பிப்ரவரியில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், இன்றைய தென்காசி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில் 150-க்கும் மேற்பட்ட பட்டியல் சாதிக் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடு முழுக்க அது பேச்சானது. வரைவின் நடுப் பத்தி ஏறக்குறைய இப்படி இருந்தது: "தாழ்ந்த சாதி ஏழைகள் வளைகுடாப் பணத்தைக் காட்டி மதம் மாற்றப்பட்டார்கள். இதனால் சலுகைகளை இழந்தார்கள். ஆனாலும் அதன்பின் அவர்களுக்குச் சாதி இல்லை."

இதைப் படித்த சக மாணவி முதல் வாசிப்பில் பேனாவைத் தொடவில்லை. இரண்டாம் முறை வினைச்சொற்களை மட்டும் பென்சிலால் சுழித்தாள். பிறகு எழுதியவரிடம் போய்க் கேட்டாள்: "மாற்றப்பட்டார்கள்னு போட்டிருக்க. மாத்தினது யாரு? மாறினார்கள்னு போட்டா என்ன மாறும்?"

இந்தப் பொருளில் எழுதும் கட்டுரைக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி எனக்குத் தெரியாது. 'மாறினார்கள்' என்றால் முடிவெடுத்தவர் அந்த ஊர்க்காரர். 'மாற்றினார்கள்' என்றால் வேறொருவர். 'மாற்றப்பட்டார்கள்' என்றால் அந்த வேறொருவரும் மறைந்துபோய், ஊர்க்காரர்கள் வெறும் பொருளாக நிற்கிறார்கள். மதம் மாறியவர்கள் அன்று பத்திரிகையாளர்களிடம் பேசினார்கள். சாதி ஆதிக்கமும் அவமதிப்பும்தான் காரணம் என்று அவர்களில் பலர் சொன்னது பதிவாகியிருக்கிறது. பணம் தரப்பட்டது என்ற குற்றச்சாட்டும் அன்றே எழுந்தது. கட்டுரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் சம்பந்தப்பட்டவர் வாயால் சொன்ன காரணத்தைக் குறிப்பிடாமல் வினைச்சொல்லாலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அவள் ஓரத்தில் எழுதியது இதுதான்: "அவங்க சொன்ன காரணத்துக்கு ஒரு வரி சேர்க்கணும். அதுக்கப்புறம் பணம் பத்திச் சொல்லு. யார் சொன்ன குற்றச்சாட்டுன்னும் சொல்லு."

அடுத்த சுழி 'தாழ்ந்த' என்ற சொல் மேல். அதே இலக்கணம் இங்கே தலைகீழாகத் திரும்புகிறது. 'தாழ்ந்த' என்றால் தாமாகவே கீழே கிடப்பது போல ஆகிறது. 'தாழ்த்தப்பட்ட' என்றால் யாரோ தாழ்த்தினார்கள் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. முதல் வினையில் செயப்பாட்டு ஓர் உண்மையை மறைத்தது, இந்தச் சொல்லில் அதே செயப்பாட்டு உண்மையைச் சொல்கிறது. "இந்தச் சொல் தப்பு" என்று அடித்துவிட்டிருந்தால் எழுதியவருக்குக் கோபம் மட்டுமே மிஞ்சியிருக்கும். காரணத்தை விளக்கியதும் அவரே மாற்றிக்கொண்டார்.

அவளுடைய மூன்றாவது குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. "முதல் வரியில ஆதாயத்துக்காகப் போனாங்கன்னு சொல்ற, ரெண்டாவது வரியில இருந்ததையும் இழந்தாங்கன்னு சொல்ற. ரெண்டும் எப்படிச் சேரும்?" கட்டுரையின் உள்ளேயே இருந்த முரண் அது. படிப்பவர் தன் கொள்கையைச் சொல்லவே இல்லை. எழுதியவரின் இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள், அவ்வளவுதான்.

இழப்பு பற்றிய அந்த வரியில் சட்ட விவரமும் போதாமல் இருந்தது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறினால் அந்தத் தகுதி போய்விடும். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆகவே 'மதம் மாறினால் போய்விடும்' என்று பொதுவாக எழுதினால் பிழை, எந்த மதம் என்று சொல்ல வேண்டும். இது கருத்து வேறுபாடு அல்ல, சரிபார்க்கக்கூடிய செய்தி. இந்த இரண்டையும் ஓரக்குறிப்பில் பிரித்துக் காட்டுவது நல்லது. செய்திப் பிழையை 'திருத்து' என்று நேராக எழுதலாம். கருத்தைப் பற்றியது என்றால் கேள்வியாகவே இருக்கட்டும்.

'அதன்பின் அவர்களுக்குச் சாதி இல்லை' என்ற கடைசி வரிக்கு எதிர்ச்சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் ஒரே தேவாலயத்துக்குள் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து உட்கார வைத்த காலம் உண்டு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைச் சுவர் ஒன்று பிரித்து வைத்தது. எறையூரில் 2008-ல் இரு தரப்புக் கத்தோலிக்கர்களுக்கிடையே மோதல் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஆனால் இவையெல்லாம் கிறிஸ்தவத்தில் நடந்தவை. மீனாட்சிபுரத்தில் நடந்ததைச் சொல்ல மீனாட்சிபுரத்துச் சான்றுதான் வேண்டும். அந்த மாணவி அதை உணர்ந்து, "இதுக்கு அந்த ஊர்லேருந்தே ஆதாரம் இருக்கா?" என்று மட்டும் எழுதினாள். தேவாலய உதாரணங்களை அங்கே அடுக்கியிருந்தால் அது கருத்துரையாக இருக்காது, அவளுடைய இன்னொரு கட்டுரையாகிவிடும்.

இனி, நான் கண்டிப்பாக இருக்கும் ஓர் இடம். எழுதியவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று விசாரிப்பது கூடாது. "உங்க வீட்ல எப்படி?" என்று கேட்பதும் அதேதான். வகுப்பில் இருக்கும் ஒரு தலித் மாணவரைப் பார்த்து "நீதான் சொல்லணும்" என்று சாட்சிக் கூண்டில் ஏற்றும் பழக்கம் நல்லெண்ணத்தோடே நடக்கிறது, புண்ணும் படுத்துகிறது. தன் குடும்பக் கதையைத் தானே எழுதும் மாணவர் வேறு. அவர் வரைவில் கேட்க வேண்டியது, "இதில் எவ்வளவு எல்லாரும் படிக்க வேண்டும்?" என்பதுதான்.

நம் ஊரில் தேவாலயத்தில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழும் குடும்பங்கள் பல. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கொண்டு இடஒதுக்கீட்டுக்காக இந்துப் பட்டியல் சாதி என்று கோர முடியாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியிருக்க, "ஞாயிறு தவறாமல் அம்மாவோடு கோயிலுக்குப் போவேன்" என்று ஒருவர் நம்பி எழுதிய வரி, படமெடுக்கப்பட்டு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் விழுந்தால் அவருடைய வேலைவாய்ப்பையே தொடக்கூடும். எனவே வரைவைத் தாளில்தான் தரச் சொல்கிறேன். படித்தவர் குறிப்போடு அதே நாளில் நேரில் திருப்பித் தர வேண்டும், நகல் எடுக்கக் கூடாது.

பத்து நாள் கழித்து மீனாட்சிபுரக் கட்டுரையின் இரண்டாம் வரைவு வந்தது. பணம் பற்றிய வரி போகவில்லை. யார் சொன்னது என்பதோடு கீழே இறங்கியிருந்தது. பத்தி இப்போது இப்படித் தொடங்கியது: "1981-ல் மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் மதம் மாறினார்கள். ஏன் என்று அவர்களிடமே கேட்டார்கள்."