பெயரில் ஒரு பகுதி போதும்: எக்செலில் விலை தேடும் வழி

மளிகைக் கடையின் விலைப் பட்டியலில் பொருளின் பெயர் முழுமையாக இருக்கும்: “துவரம் பருப்பு 1 கிலோ”. கல்லாவில் இருப்பவர் தட்டுவதோ “துவரம்” என்ற ஒரு சொல்தான். எக்செலில் விலையைத் தேட உதவும் VLOOKUP, வழக்கமான முறையில், இரண்டு பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் மட்டுமே விடை தரும். இல்லாவிட்டால் #N/A என்று காட்டிவிடும். பெயரின் ஒரு துண்டை வைத்தே விலையை எடுக்க, அந்தத் துண்டின் இருபுறமும் நட்சத்திரக் குறியைச் சேர்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு ஷீட்டில் A நெடுவரிசையில் பெயரும் B நெடுவரிசையில் ரூபாய் விலையும் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வரிசை தலைப்பு. பொருள்கள் இரண்டாவது வரிசையில் தொடங்குகின்றன.

```
A2  கடலை எண்ணெய் 1 லிட்டர்     210
A3  கடலைப் பருப்பு 1 கிலோ       95
A4  துவரம் பருப்பு 1 கிலோ      160
A5  நல்லெண்ணெய் 500 மில்லி     190
A6  பாசிப் பருப்பு 500 கிராம்    70
A7  வறுத்த கடலை 250 கிராம்      40
```

தேட வேண்டிய சொல்லை D2 செல்லில் தட்ட வேண்டும். விலை வர வேண்டிய செல்லில் எழுத வேண்டிய ஃபார்முலா இது:

```
=VLOOKUP("*"&D2&"*",$A$2:$B$7,2,FALSE)
```

நட்சத்திரக் குறிக்கு “இந்த இடத்தில் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்” என்று பொருள். & என்பது துண்டுகளை ஒட்டும் குறி. D2-இல் “துவரம்” இருந்தால் மூன்று துண்டுகளும் ஒட்டி *துவரம்* என்றாகும், A4 அதற்குப் பொருந்தும், விடை 160. முன்னால் இருக்கும் நட்சத்திரத்தை விட்டுவிட்டு D2&"*" என்று எழுதினால், அந்தச் சொல்லில் தொடங்கும் பெயர்கள் மட்டுமே பொருந்தும். இதே வகையைச் சேர்ந்த கேள்விக்குறி சரியாக ஓர் எழுத்துக்கு மட்டும் இடம் தரும். $ குறிகள் பட்டியலின் எல்லையை நிலையாகப் பிடித்துவைக்கின்றன. அதனால் ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் D2 மட்டும் D3, D4 என்று நகரும்.

மேற்கோள் குறிகள் எங்கே நிற்கின்றன என்பதில்தான் பலர் முதலில் தடுமாறுகிறார்கள். "*D2*" என்று எழுதினால் எக்செல் D2 செல்லுக்குள் போய்ப் பார்ப்பதில்லை. மேற்கோளுக்குள் இருப்பது வெறும் எழுத்து என்பதால், பெயரில் D, 2 என்ற எழுத்துகளையே தேடி #N/A தரும். நட்சத்திரம் மேற்கோளுக்குள்ளும், செல்லின் முகவரி மேற்கோளுக்கு வெளியேயும் இருக்க வேண்டும்.

கடைசியில் வரும் FALSE-ஐயும் விட்டுவிடக் கூடாது. அதை எழுதாவிட்டால் எக்செல் TRUE என்று எடுத்துக்கொள்ளும். அப்போது பட்டியல் அகர வரிசையில் இருப்பதாகக் கருதி நெருக்கமான மதிப்பைத் தேடும். நட்சத்திரத்துக்கு எந்தச் சிறப்புப் பொருளும் இராது. புதிய பதிப்புகளில் உள்ள XLOOKUP-க்கு இந்த அனுமதியைத் தனியாகத் தர வேண்டும். அதன் ஐந்தாவது இடத்தில் 2 என்று எழுதினால்தான் அது நட்சத்திரத்தை மதிக்கும்:

```
=XLOOKUP("*"&D2&"*",$A$2:$A$7,$B$2:$B$7,"இல்லை",2)
```

இந்த முறையில் பெரிய ஆபத்து #N/A அல்ல. பிழை எதுவும் காட்டாமல் வரும் தவறான விலைதான். D2-இல் “கடலை” என்று தட்டினால் 210 என்று வரும். கேட்டது வறுத்த கடலையாக இருக்கலாம். ஆனால் மேலிருந்து தேடும்போது முதலில் பொருந்துவது கடலை எண்ணெய். VLOOKUP அங்கேயே நின்றுவிடும். கீழே இன்னும் இரண்டு பெயர்கள் பொருந்துவதைச் சொல்லாது. எத்தனை பெயர்கள் பொருந்துகின்றன என்பதை COUNTIF எண்ணித் தரும்:

```
=COUNTIF($A$2:$A$7,"*"&D2&"*")
```

“கடலை”க்கு இது 3 என்று காட்டும். 1 என்று வந்தால்தான் விலையை நம்பலாம். சொல்லைக் குறுக்க இன்னொரு செல்லையும் துணைக்குச் சேர்க்கலாம். E2-இல் 250 என்று எடையைத் தட்டி, "*"&D2&"*"&E2&"*" என்று ஒட்டினால், “கடலை” வந்து அதன்பின் எங்கேனும் “250” வரும் பெயர் தேடப்படும். அப்போது வறுத்த கடலை மட்டுமே பொருந்தும், விடை 40. இங்கே முன்பின் வரிசை முக்கியம். பெயரில் எடை முதலில் எழுதப்பட்டிருந்தால் இது பொருந்தாது.

தமிழில் பெயர் எழுதும்போது புணர்ச்சியும் குறுக்கிடும். “எண்ணெய்” என்று தேடினால் A2 பொருந்தும், A5 பொருந்தாது. நல்லெண்ணெய் என்ற சொல்லில் ‘எ’ தனி எழுத்தாக இல்லை. முன்னால் உள்ள மெய்யோடு சேர்ந்து ‘லெ’ ஆகிவிட்டது. மனிதக் கண்ணுக்கு எண்ணெய் தெரிகிறது, எக்செலுக்குத் தெரிவதில்லை. சொல்லின் மாறாத பகுதியான “ண்ணெய்” என்று தட்டினால் இரண்டும் பொருந்தும். கேள்விக்குறியைத் தமிழில் பயன்படுத்தும்போதும் கவனம் தேவை. எக்செல் ‘கி’ என்பதை ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாக எண்ணுகிறது. LEN கொண்டு அளந்தால் 2 என்றே வரும்.

தேடும் செல் காலியாக இருந்தால் இன்னொரு தவறு நேரும். நடுவில் ஒன்றுமில்லாமல் இரண்டு நட்சத்திரங்கள் மட்டும் ஒட்டி நிற்கும்; அது எந்தப் பெயருக்கும் பொருந்தும். எனவே ஒன்றும் தட்டாத வரிசையிலும் பட்டியலின் முதல் விலையான 210 வந்து நிற்கும்.

பெயருக்குப் பதிலாக 45012 போன்ற எண்களே பொருளின் குறியீடாக இருந்தால் நிலைமை நேர் எதிர். நட்சத்திரம் எழுத்துகளாகச் சேமித்தவற்றில் மட்டுமே வேலை செய்யும். எண்ணாகச் சேமித்த குறியீட்டின் பகுதியைத் தேடினால் #N/A தான் வரும். பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, குறியீட்டோடு &"" என்று வெற்று எழுத்தை ஒட்டினால் எண் எழுத்தாக மாறும்; தேடலை அந்த நெடுவரிசையில் நடத்தலாம். “12*18 பை” என்பதுபோல் பெயரிலேயே நட்சத்திரம் இருந்தால், அதை வெறும் குறியாகத் தேட முன்னால் ~ போட்டு 12~*18 என்று எழுத வேண்டும்.

காலி செல்லையும் பல பெயர்கள் பொருந்துவதையும் ஒரே ஃபார்முலாவில் தடுத்துவிடலாம்:

```
=IF(D2="","",
 IF(COUNTIF($A$2:$A$7,"*"&D2&"*")=1,
 VLOOKUP("*"&D2&"*",$A$2:$B$7,2,FALSE),
 "பெயரைச் சரிபார்க்கவும்"))
```

D2 காலியாக இருந்தால் விடையும் காலி. ஒரே ஒரு பெயர் பொருந்தினால் அதன் விலை. ஒன்றும் பொருந்தாவிட்டாலும், ஒன்றுக்கு மேல் பொருந்தினாலும் எச்சரிக்கை. “துவரம்” என்றால் 160 வரும். “கடலை” என்றால் விலைக்குப் பதில் எச்சரிக்கை வரும். “வறுத்த” என்று மாற்றித் தட்டினால் 40 வரும்.