தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும் வீழ்ச்சி

2024 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை. மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள். பா.ஜ.க. 240 இடங்களில் நின்றுவிட, தனிப் பெரும்பான்மைக்கான 272 கைக்கு எட்டவில்லை. முந்தைய நாள் 23,263.90 புள்ளிகளில் முடிந்திருந்த நிஃப்டி 50 குறியீடு அன்று 21,884.50-க்கு இறங்கியது. ஒரே நாளில் 5.93 சதவீத வீழ்ச்சி. சந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்களின் காதுக்கும் அந்தச் செய்தி எட்டியது.

அந்த நாளையும் அதை ஒட்டிய சில நாட்களையும் எடுத்துக்கொண்டு, கல்லூரிப் புள்ளியியலில் சொல்லித் தரும் இசட் ஸ்கோரை வைத்து ‘இதில் வழக்கத்துக்கு மாறான நாள் எது?’ என்று கேட்டால், ‘அப்படி ஒரு நாளும் இல்லை’ என்று பதில் வருகிறது. கணக்கில் பிழை கிடையாது. கணக்குப் போடும் முறையில்தான் கோளாறு.

மே 22 முதல் ஜூன் 5 வரை பதினொரு வர்த்தக நாட்கள். நிஃப்டியின் முடிவுப் புள்ளியை முந்தைய நாளோடு ஒப்பிட்டால் கிடைக்கும் தினசரி மாற்றம், சதவீதத்தில், வரிசையாக இது: 0.31, 1.64, -0.05, -0.11, -0.19, -0.80, -0.95, 0.19, 3.25, -5.93, 3.36. முதல் எட்டு நாட்களில் மே 23-ஐத் தவிர எல்லாம் ஒரு சதவீதத்துக்குள் அடங்கியவை. கடைசி மூன்றும் தேர்தல் நாட்கள். வாரக் கடைசியில் வெளியான கருத்துக்கணிப்புகள் ஆளும் கட்சிக்குப் பெரும் வெற்றி என்று சொன்னதால் திங்களன்று ஏற்றம். செவ்வாயன்று உண்மை முடிவு. கூட்டணிக் கட்சிகள் கைகொடுக்க ஆட்சி தொடரும் என்று தெளிவானதும் புதனன்று மீட்சி.

இசட் ஸ்கோர் கேட்பது எளிய கேள்விதான். இந்த நாள் சராசரியிலிருந்து எத்தனை ‘அடி’ தள்ளி இருக்கிறது? அந்த அடியின் நீளம்தான் திட்டவிலக்கம். மூன்று அடிக்கு மேல் தள்ளியிருந்தால் அசாதாரணம் என்று குறிப்பது வழக்கம். நம் பதினொரு நாட்களின் சராசரி 0.07. திட்டவிலக்கம் 2.48. ஜூன் 4 சராசரியிலிருந்து 6 சதவீதம் கீழே, அதை 2.48-ஆல் வகுத்தால் 2.42. மூன்றைத் தொடவில்லை. ஜூன் 3-க்கு 1.28, ஜூன் 5-க்கு 1.33. ஆக, மூன்று நாட்களுமே தப்பிவிட்டன.

திட்டவிலக்கம் ஏன் 2.48 என்று இவ்வளவு பெரிதாக வந்தது? விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டுவதால்தான். 5.93 என்பது வர்க்கத்தில் 35-ஐத் தாண்டிவிடும், 0.19 என்பது 0.04-ஆகச் சுருங்கிவிடும். பதினொரு நாட்களின் வர்க்கக் கூட்டுத்தொகை ஏறத்தாழ 61. அதில் பாதிக்கு மேல் ஜூன் 4 ஒன்றே போட்ட பங்கு. எந்த நாளை அளக்க வந்தோமோ அந்த நாளே அளவுகோலை இழுத்து நீட்டிவிட்டது. திருடனும் பஞ்சாயத்தில் உட்கார்ந்து தன் வழக்குக்குத் தானே தீர்ப்புச் சொன்ன கதைதான்.

இதில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. பதினொரு எண்களுக்குள் எந்த எண்ணின் இசட் ஸ்கோரும் 3.02-ஐத் தாண்டவே முடியாது. எண்கள் என்னவாக இருந்தாலும் சரி. N எண்கள் இருந்தால் உச்சவரம்பு (n-1)/√n. ஜூன் 4-இல் நிஃப்டி 50 சதவீதம் விழுந்திருந்தாலும் இந்த முறை 3-ஐத் தாண்டத் திணறியிருக்கும். பத்து நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டால் உச்சவரம்பு 2.85, அங்கே ‘மூன்றுக்கு மேல்’ என்ற விதியை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் காத்திருந்தாலும் ஒரு நாள்கூடச் சிக்காது. இப்படி விதி வைத்துவிட்டு ‘சந்தை அமைதியாக இருக்கிறது’ என்று எழுதப்படும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

மாற்று வழி, சராசரியையும் திட்டவிலக்கத்தையும் விட்டுவிட்டு இரண்டுக்கும் பதிலாக இடைநிலையைப் பயன்படுத்துவது. எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுப்பதுதான் இடைநிலை. நம் பட்டியலை அடுக்கினால் ஆறாவதாக நிற்பது -0.05. அடுத்து, ஒவ்வொரு நாளும் இந்த -0.05-இலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்கிறோம். மேலே போனதா கீழே போனதா என்ற குறியை விட்டுவிடலாம். அந்தத் தூரங்களை அடுக்கினால்: 0, 0.06, 0.14, 0.24, 0.36, 0.75, 0.90, 1.69, 3.30, 3.41, 5.88. இவற்றின் நடுவில் நிற்பது 0.75. சுருக்கமாக எம்.ஏ.டி. என்று சொல்லப்படுவது இந்த எண்தான்: விலகல்களின் இடைநிலை.

இதை 1.4826-ஆல் பெருக்க வேண்டும். மணி வடிவில் பரவிய எண்களில் எம்.ஏ.டி. எப்போதும் திட்டவிலக்கத்தைவிடச் சிறியதாக, சுமார் மூன்றில் இரண்டு பங்காக நிற்கும். பெருக்கினால் இரண்டும் ஒரே அளவுக்கு வந்து, பழகிய ‘மூன்று அடி’ மொழியிலேயே பேசலாம். 0.75-ஐ 1.4826-ஆல் பெருக்கினால் 1.11. இனி இதுதான் நம் அடி. ஜூன் 4 இடைநிலையிலிருந்து 5.88 தள்ளி, 1.11-ஆல் வகுத்தால் ரோபஸ்ட் இசட் ஸ்கோர் -5.29. இப்போது வீழ்ச்சி வீழ்ச்சியாகவே தெரிகிறது. அது 50 சதவீத வீழ்ச்சியாக இருந்திருந்தாலும் இடைநிலை அதே -0.05, அடியும் அதே 1.11, ஸ்கோர் மட்டும் -45-ஐ நெருங்கியிருக்கும். நாட்களில் பாதிக்கும் குறைவானவை எவ்வளவு தாறுமாறாகப் போனாலும் இந்த அளவுகோலை உடைக்க முடியாது. கார்ல் ஃபிரெட்ரிக் காஸ் 1816-லேயே தொட்டிருந்த இந்த அளவையை, 1974-இல் ஃபிராங்க் ஹாம்பல் எழுதிய கட்டுரை புள்ளியியலாளர்களின் கவனத்துக்கு மீண்டும் கொண்டுவந்தது.

மற்ற இரண்டு நாட்கள்? ஜூன் 3-க்கு 2.97, ஜூன் 5-க்கு 3.07. வரம்பை 3 என்று வைத்தால் புதன் சிக்கும், திங்கள் தப்பும். இரண்டுக்கும் நடுவே அப்படியொன்றும் வேறுபாடு இல்லை என்பது பார்த்தாலே தெரியும். போரிஸ் இக்லெவிச், டேவிட் ஹோக்லின் இருவரும் 1993-இல் பரிந்துரைத்த 3.5 என்ற வரம்பைப் பலரும் பின்பற்றுகிறார்கள்; அதை வைத்தால் ஜூன் 4 மட்டும் நிற்கும். 3.5-இல் தெய்வ வாக்கு எதுவும் இல்லை. எத்தனை பொய் எச்சரிக்கைகளைப் பொறுத்துக்கொள்வோம் என்பதைப் பொறுத்த முடிவு அது. என்னைக் கேட்டால், விளிம்பில் நிற்பவற்றை ‘ஆம், இல்லை’ என்று பிரிக்காமல் ஸ்கோரையும் சேர்த்தே எழுதிவைப்பது நல்லது.

பதினொரு நாட்களை எடுத்தது கையால் போட்டுப் பார்க்க. நிஜ வேலைக்கு அது போதாது. மே 21 (அன்று 0.12) முதல் மே 31 வரையிலான ஒன்பது அமைதியான நாட்களை மட்டும் எடுத்தால் எம்.ஏ.டி. 0.24-ஆகச் சுருங்கிவிடும். அந்த அடியால் அளந்தால் மே 23-இன் சாதாரண 1.64 சதவீத ஏற்றத்துக்குக்கூட 4.75 என்ற ஸ்கோர் வரும். சின்ன ஜன்னல் வழியே பார்த்தால் நடுவில் நிற்பது எந்த எண் என்பதே தற்செயல்தான். அதனால் 60 நாட்களாவது, முடிந்தால் ஓராண்டுக்குரிய 250 வர்த்தக நாட்களாவது எடுப்பார்கள்; அளக்கப்படும் நாளை அந்த ஜன்னலில் சேர்க்காமல் அதற்கு முந்தைய நாட்களை மட்டும் வைப்பார்கள். ஜன்னல் நீளமாக இருந்தால் ஜூன் 4 போன்ற நாளைப் பழைய இசட் ஸ்கோரும் பிடித்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே எம்.ஏ.டி.யின் பயன் வேறு: ஒரு பெரிய வீழ்ச்சி ஜன்னலுக்குள் நுழைந்த பிறகும் அடுத்து வரும் நடுத்தர அதிர்ச்சிகள் அதன் நிழலில் மறையாது.

நீண்ட ஜன்னலுக்கும் ஒரு விலை உண்டு. சந்தையின் கொந்தளிப்பு தனித்தனியாக வராது, கூட்டமாக வரும். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 12.98 சதவீதம் விழுந்தது. அந்த மாதத்தில் ஐந்து சதவீதத்தைத் தாண்டிய ஏற்ற இறக்கங்கள் திரும்பத் திரும்ப வந்தன. முந்தைய அமைதியான ஆண்டின் எம்.ஏ.டி.யை வைத்து அளந்தால் அந்த மார்ச்சில் பல நாட்கள் வரம்பைத் தாண்டும். ஒவ்வொன்றையும் தனி அதிசயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது; சந்தையின் நிலையே மாறிவிட்டது என்றுதான் படிக்க வேண்டும். மணி வடிவக் கணக்குப்படி 3.5-ஐத் தாண்டும் நாள் இரண்டாயிரம் நாட்களுக்கு ஒன்றுதான் வர வேண்டும். பங்குச்சந்தையில் அதைவிட அடிக்கடி வரும், ஏனென்றால் சந்தை மணி வடிவத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

தனிப் பங்குகளுக்கு வரும்போது இரண்டு பொறிகளைக் கவனிக்க வேண்டும். அதிகம் கைமாறாத சிறு பங்குகளில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் விலை அசையாமலே இருக்கலாம். அப்போது எம்.ஏ.டி. பூஜ்யம்; பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அத்தகைய பங்குகளை இந்த முறையிலிருந்து ஒதுக்கிவிடுவதே நேர்மை. இன்னொன்று போனஸும் முகமதிப்புப் பிரிப்பும். 2024 அக்டோபர் 28 அன்று ரிலையன்ஸ் பங்கு ஒன்றுக்கு ஒன்று போனஸுக்குப் பிந்தைய விலையில் வர்த்தகமானது; சரிசெய்யாத விலைப் பட்டியலில் அது ஏறக்குறைய 50 சதவீத வீழ்ச்சியாகத் தெரியும். யாரும் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை. மிகப் பெரிய ஸ்கோர் வந்தால் நான் முதலில் தேடுவது செய்தியை அல்ல, போனஸ் அறிவிப்பைத்தான்.

எக்செலில் போட்டுப் பார்க்க, தினசரி மாற்றங்கள் B2 முதல் B12 வரை இருந்தால் இது போதும்:

```
=MEDIAN(ABS(B2:B12-MEDIAN(B2:B12)))
```

பழைய பதிப்புகளில் இதை Ctrl+Shift+Enter அழுத்தி உள்ளிட வேண்டும். பெயர் ஒத்துப்போகிறதே என்று `AVEDEV` என்ற சூத்திரத்தை எடுத்துவிடாதீர்கள். அது விலகல்களின் சராசரியைத் தருவது, இடைநிலையை அல்ல. R மொழியின் `mad()` 1.4826-ஐத் தானே பெருக்கிவிட்டுத்தான் விடை தரும். பைத்தானின் `scipy.stats.median_abs_deviation` அப்படிச் செய்யாது. `scale='normal'` என்று சொன்னால்தான் பெருக்கும். ஒன்றில் போட்டதை மற்றொன்றில் சரிபார்க்கும்போது ஸ்கோர்கள் ஒன்றரை மடங்கு வேறுபட்டு நின்றால், பிழையைத் தேட வேண்டிய முதல் இடம் அதுவே.