இருபதாயிரத்துக்குள் ஒளிந்திருந்த ஒரு லட்சம்

ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் கட்டும் ஒரு சிறிய அறக்கட்டளை. 2024-25ஆம் ஆண்டுக் கணக்கு தணிக்கைக்குப் போயிருக்கிறது. மே மாதம் முதல் வாரத்தில் நிர்வாக அறங்காவலருக்கு ஆடிட்டரிடமிருந்து இரண்டு பக்கக் குறிப்பு வருகிறது: “நன்கொடை ரசீதுகள் சில கணக்கோடு ஒத்துப்போகவில்லை. 31.3.2025 அன்று வங்கி இருப்பு ₹3,13,400 என்று காட்டியிருப்பது சரியல்ல. ₹3,20,400 என்று இருக்க வேண்டும். விவரம் கீழே.”

பல அறக்கட்டளைகளில் வழக்கமாகக் காணும் குறைகளை ஒரே இடத்தில் வைத்துக் காட்டும் மாதிரிக் கணக்கு இது.

குறிப்பைப் படித்ததும் பொருளாளர் சொல்லும் பதிலும் வழக்கமானதுதான். “சார், பாஸ்புக்ல 3,33,400 இருக்கு. நம்ம கேஷ் புக்ல 3,13,400. இருபதாயிரம்தான் வித்தியாசம். மார்ச் கடைசியில ஸ்கூலுக்குக் கொடுத்த செக் இன்னும் பாஸாகல. அதுதான் காரணம்.” அறங்காவலருக்கு இது நியாயமாகவே படும். ஆனால் ஆடிட்டர் சொல்லும் தொகை கேஷ் புக்கிலும் இல்லை, பாஸ்புக்கிலும் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால் குறிப்பு முழுவதும் புரிந்துவிடும்.

ஆடிட்டர் மூன்று ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்: ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை, கேஷ் புக், வங்கி ஸ்டேட்மெண்ட். ஒவ்வொரு ரசீதும் கேஷ் புக்கில் ஏறியிருக்கிறதா, அந்தப் பணம் வங்கிக்குப் போயிருக்கிறதா என்று ஒரு சுற்று. பிறகு தலைகீழாக, வங்கியில் வரவான ஒவ்வொரு தொகைக்கும் கேஷ் புக்கில் பதிவும் ரசீதும் இருக்கின்றனவா என்று இன்னொரு சுற்று. மூன்றிலும் ஒத்துப்போவதற்கெல்லாம் டிக் போட்டபின், டிக் விழாமல் நிற்கும் வரிகள்தான் குறிப்பில் ஏறுகின்றன.

அந்த வரிகளில் முதல் இரண்டு, தவறே அல்ல. ரசீது எண் 156, ₹12,000. மார்ச் 29 சனிக்கிழமை செக்காக வந்தது, அன்றே கேஷ் புக்கில் ஏறியது. ஆனால் பேங்கில் போட்டது ஏப்ரல் 2ஆம் தேதி. ஆகவே மார்ச் 31 பாஸ்புக்கில் அது இருக்க முடியாது. அதேபோல் பள்ளிக்குக் கொடுத்த ₹25,000 செக் நம் கணக்கில் கழிந்துவிட்டது, பேங்கில் இன்னும் கழியவில்லை. இவை இரண்டும் கால வித்தியாசங்கள். பாஸ்புக் தொகையோடு 12,000 கூட்டி, 25,000 கழித்தால் 3,20,400 வருகிறது. ஏப்ரல் மாத ஸ்டேட்மெண்டில் இரண்டும் நேராகிவிடுகின்றனவா என்று ஆடிட்டர் பார்ப்பார். நேராகிவிட்டால் விஷயம் முடிந்தது. ஆறு மாதமாகியும் ஒரு செக் ‘வரவேண்டியது’ என்ற பட்டியலிலேயே இருந்தால், அது கால வித்தியாசம் இல்லை, வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்.

பொருளாளர் சொன்ன காரணம் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கால வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகும் கேஷ் புக் 3,13,400இல்தான் நிற்கிறது. 7,000 ரூபாய் இடிக்கிறது. பொய்யான இறுதி இருப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ரசீது எண் 89, ₹10,000. ஜனவரியில் வந்த செக், கொடுத்தவர் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிவிட்டது. வங்கி வரவு வைத்து மறுநாளே பற்று எழுதிவிட்டது. கேஷ் புக்கில் வரவு மட்டும் இருக்கிறது, திரும்பியது ஏறவில்லை. வராத பணம் நன்கொடையாக நிற்கிறது.

அடுத்தது இதற்கு நேர் எதிர். யுபிஐ வழியாக ₹20,000, ₹10,000, ₹5,000 என்று மூன்று தொகைகள் வங்கிக்கு வந்திருக்கின்றன. ரசீதும் இல்லை, கேஷ் புக்கில் பதிவும் இல்லை. யாரோ க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார்கள், அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லை. வந்த 35,000 ரூபாய் கணக்குக்கு வெளியே கிடக்கிறது.

இந்த இரண்டையும் திருத்தினால் கேஷ் புக் 3,38,400 ஆகிறது. வர வேண்டியதோ 3,20,400. இடைவெளி குறைவதற்குப் பதிலாக 18,000 ஆகக் கூடிவிட்டது. அனுபவமுள்ள ஆடிட்டர் இங்கே அந்த 18,000ஐ ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகம் வரும். எந்த எண்ணிலும் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை மாற்றி எழுதினால் வரும் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும். இது துப்பு மட்டுமே, சாட்சி இல்லை. வேறு காரணத்தாலும் ஒரு தொகை ஒன்பதால் வகுபடலாம். ஆகவே அவர் நேராகப் போய்ப் பார்ப்பது, கடந்த ஆண்டு தணிக்கையான இருப்புநிலைக் குறிப்பை. அங்கே வங்கி இருப்பு ₹1,46,200. இந்த ஆண்டு கேஷ் புக்கின் முதல் வரியில் தொடக்க இருப்பு ₹1,64,200. நாலும் ஆறும் இடம் மாறியிருக்கின்றன. ஏப்ரல் 1 அன்று விழுந்த பிழை, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அப்படியே தொடர்ந்து மார்ச் 31 வரை வந்திருக்கிறது.

இப்போது மொத்தத்தையும் பாருங்கள். 12,000, 25,000, 10,000, 35,000, 18,000. கூட்டினால் ஒரு லட்சம். சில கூட்ட வேண்டியவை, சில கழிக்க வேண்டியவை. ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டதால் வெளியே தெரிந்தது இருபதாயிரம் மட்டும். வித்தியாசம் சிறியது என்பதால் பிழையும் சிறியது என்று எந்த அறங்காவலரும் முடிவு கட்டக் கூடாது. அந்த இருபதாயிரத்தை ‘இதர வரவு’ என்று ஒரு வரி எழுதி நேராக்கியிருந்தால், ஐந்து விஷயங்களும் அதன் கீழே புதைந்து போயிருக்கும்.

குறிப்பின் இரண்டாம் பக்கம் இதைவிடக் கனமானது. அதில் இருப்பவை வங்கி இருப்பைத் தொடவே இல்லை.

ரசீது எண் 137, ரொக்கம் ₹8,000. அடிக்கட்டை இருக்கிறது, பணியாளர் கையெழுத்தும் இருக்கிறது. கேஷ் புக்கில் இல்லை, பேங்கிலும் போடப்படவில்லை. ரசீது எண் 143 முதல் 145 வரை, அசலும் இல்லை, அடிக்கட்டையும் இல்லை, ‘ரத்து’ என்று எழுதி வைத்த தாளும் இல்லை. இவற்றின் மதிப்பு என்னவென்று ஆடிட்டர் எழுதவில்லை. எழுதவும் முடியாது. மூன்று ரசீதும் கெட்டுப்போய்க் கிழித்து எறியப்பட்டிருக்கலாம். மூன்றுக்கும் பணம் வாங்கப்பட்டிருக்கலாம். பாஸ்புக்கை எத்தனை முறை ஒத்துப் பார்த்தாலும் இது தெரியவராது, ஏனென்றால் பேங்குக்கே போகாத பணத்தைப் பாஸ்புக் காட்டாது. தொடர் எண் போட்ட ரசீதுப் புத்தகம் ஒன்றுதான் இதைக் காட்டிக்கொடுக்கும்.

அதனால்தான் நல்ல ஆடிட்டர் இந்த இடத்தில் ‘மோசடி’ என்ற சொல்லை எழுதுவதில்லை. “பணம் எங்கே இருக்கிறது, தாள்கள் எங்கே போயின என்பதற்கு எழுத்துமூலம் விளக்கம் தேவை” என்று மட்டும் கேட்கிறார். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் அது தணிக்கை அறிக்கையிலேயே குறையாக ஏறும்.

மே முதல் வாரத்தில் குறிப்பு வந்ததற்கும் காரணம் உண்டு. 80ஜி சலுகை பெற்ற அறக்கட்டளை, அந்த நிதியாண்டில் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலைப் படிவம் 10பிடி-யில் வருமான வரித் துறைக்கு மே 31க்குள் தர வேண்டும். அதன்பேரில் கொடையாளருக்குப் படிவம் 10பிஇ என்ற சான்றிதழ் போகும். அந்தச் சான்றை வைத்துத்தான் அவர் வரிக் கழிவு கேட்பார். பட்டியல் தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம்.

ரசீது ஒவ்வொன்றும் இந்தப் பட்டியலில் எப்படி விழும் என்று பாருங்கள். எண் 89ஐச் சேர்த்தால், கொடுக்காத பணத்துக்கு ஒருவர் வரிச்சலுகை பெறுவார். எண் 137 ரொக்கம். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்கு 80ஜி கழிவு கிடையாது, கொடுத்தவரிடம் அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். யுபிஐ தொகை மூன்றையும் விட்டுவிட்டால், உண்மையாகவே கொடுத்த மூன்று பேருக்குச் சான்றிதழ் கிடைக்காது.

ஆகவே அறங்காவலர் முதலில் செய்ய வேண்டியது, யுபிஐ வரவுகளின் யுடிஆர் எண்ணை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போய், அனுப்பியவர்களைத் தேடுவது. பெயர், முகவரி, பான் எண் கிடைத்தால் ரசீது எழுதலாம். கிடைக்கும்வரை அந்த 35,000ஐ அனாமத்துக் கணக்கில் வைக்க வேண்டும். கடைசிவரை பெயர் தெரியாவிட்டால் அது பெயரறியாத நன்கொடை. அறக்கட்டளைக்கு அப்படி வருவது, மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி உண்டு. இங்கே அந்த எல்லை எட்டவில்லை. ஆனால் க்யூஆர் கோடு ஒட்டிய எந்த அறக்கட்டளைக்கும் அது தொலைவில் இல்லை.

அடுத்து, பழைய பதிவுகளை அடித்துத் திருத்தக் கூடாது. செக் திரும்பியதற்கும் தொடக்க இருப்புப் பிழைக்கும் தனித்தனித் திருத்தப் பதிவு, காரணத்தோடு எழுதப்பட வேண்டும். பிழை நடந்ததும் அது திருத்தப்பட்டதும் இரண்டுமே ஏட்டில் தெரிய வேண்டும். ரசீது எண் 137க்கும் காணாமல் போன மூன்றுக்கும் ரசீது எழுதியவரிடம் எழுத்தில் பதில் வாங்கி, அறங்காவலர் கூட்டத்தில் வைத்து, நடவடிக்கைப் புத்தகத்தில் பதிய வேண்டும்.

இனி இது நேராமல் இருக்க ஆடிட்டர் கேட்பது மூன்றுதான். ரசீது எழுதுபவரும் கேஷ் புக் எழுதுபவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். கெட்டுப்போன ரசீதின் அசலை ‘ரத்து’ என்று எழுதி அடிக்கட்டையோடு ஒட்டி வைக்கட்டும். மாதா மாதம் பத்தாம் தேதிக்குள் பாஸ்புக்கும் கேஷ் புக்கும் ஒத்துப் பார்த்த தாளில், ஒத்துப்போகாத ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எழுதச் சொல்லி அறங்காவலர் கையெழுத்திடட்டும். இப்படி ஒரு தாள் 2024 மே மாதம் எழுதப்பட்டிருந்தால், அந்த 18,000 ரூபாய்ப் பிழை ஒரே மாதத்தில் பிடிபட்டிருக்கும்.