பார்த்து முடித்தவர், தாண்டி முடித்தவர்

பிடோக்கின் அடுக்குமாடி வீடுகளைத் தாண்டிக் காக்கி புக்கிட் பக்கம் வந்தால் கிடங்குகளும் பட்டறைகளும் தொடங்கிவிடும். அங்கே 40 ஊழியர்கள் வேலை செய்யும் ஒரு கிடங்கைக் கற்பனை செய்துகொள்வோம். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதையில் எப்படி நடக்க வேண்டும், சரக்கை எப்படி அடுக்க வேண்டும் என்று சொல்லும் 12 நிமிடக் காணொளி ஒன்றை எல்லாரும் பார்த்தாக வேண்டும். சிங்கப்பூரின் 2006ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஊழியருக்குத் தேவையான பயிற்சியை அளிக்கும் பொறுப்பை முதலாளிமீது வைக்கிறது. அதனால் யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்ற கணக்கு நிர்வாகத்துக்குத் தேவைப்படுகிறது. மாதக் கடைசியில் அறிக்கை வருகிறது: 40 பேரில் 38 பேர் பார்த்து முடித்தார்கள், நிறைவு 95 விழுக்காடு.

அந்த 38 பேரில் ஒருவர், முதல் 95 நொடிகளைப் பார்த்தார். பிறகு கீழே உள்ள பட்டையில் விரலை வைத்து 640ஆவது நொடிக்குத் தாவினார். மீதி 80 நொடிகளும் ஓடி முடிந்தன. மொத்தக் காணொளி 720 நொடி. அவர் பார்த்தது 175 நொடி, அதாவது கால்வாசிக்கும் குறைவு. விடுபட்ட இருவரில் ஒருவரோ முதல் நொடியிலிருந்து 700ஆவது நொடிவரை ஒன்றையும் விடாமல் பார்த்தார். தயாரித்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் சாளரத்தை மூடிவிட்டார். தாவியவர் முடித்தவர், பார்த்தவர் முடிக்காதவர்! பொய் சொன்னது ஊழியர் இல்லை, கணக்கு முறை. காணொளியின் கடைசியைத் தொட்டாரா என்று மட்டுமே அந்த முறை பார்க்கிறது.

சரியான கணக்கும் முடியாததில்லை. உலாவியில் ஓடும் காணொளி தன் நிலையை நொடிக்குப் பலமுறை தானே சொல்லிக்கொண்டிருக்கும். `timeupdate` என்பது அந்த அறிவிப்பின் பெயர். யாராவது பட்டையை இழுத்தால் `seeked` என்று தனியாக ஒரு குறிப்பு விழும். பயிற்சித் தளங்களுக்கான xAPI என்ற பதிவுமுறையில், ஒருவர் உண்மையில் பார்த்த துண்டுகளை `played-segments` என்ற பெயரில் எழுதிவைக்கலாம். மேலே சொன்ன தாவியவரின் பதிவு இப்படி இருக்கும்:

```
0[.]95[,]640[.]720
```

இந்தத் துண்டுகளைக் கூட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே பகுதியை இருமுறை பார்த்தால் ஒருமுறை மட்டுமே எண்ண வேண்டும். இல்லையென்றால் முதல் ஆறு நிமிடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டவரும் 'முழுவதும் பார்த்தவர்' ஆகிவிடுவார். நம் கிடங்கில் 90 விழுக்காடு நொடிகளைப் பார்த்தவர் மட்டுமே முடித்தவர் என்று விதியை மாற்றினால், 38 என்ற எண் 22 ஆகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊழியர்கள் செய்ததில் எந்த மாற்றமும் இல்லை. எண் மட்டும் 95இலிருந்து 55க்கு விழுந்துவிட்டது.

எண் விழுந்த பிறகுதான் சுவையான கேள்வி வருகிறது: எந்த இடத்தில் தாண்டுகிறார்கள்? இரண்டாவது நிமிடத்தில் 8 பேர் தாண்டினார்கள், ஏழாவது நிமிடத்தில் 6 பேர். இரண்டாவது நிமிடம்தான் மோசம் என்று தோன்றும். ஆனால் இரண்டாவது நிமிடத்தில் 40 பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது நிமிடத்தில் பார்த்துக்கொண்டிருந்தது 24 பேர்தான். ஐந்தில் ஒருவர் அங்கே, நான்கில் ஒருவர் இங்கே. அந்த நொடியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களால் வகுக்காமல் வரையும் எந்த வரைபடத்தையும் நான் நம்பமாட்டேன். இன்னொன்று, 24 பேரில் இரண்டு பேர் மனம் மாறினாலே விழுக்காடு எட்டு ஏறும் இறங்கும். சிறு நிறுவனங்களில் ஒரு மாதப் பதிவை வைத்துத் தீர்ப்பு எழுதுவது அவசரம்.

தாண்டிய இடத்தைவிடப் போய் இறங்கிய இடம் அதிகம் பேசும். அடுத்த தலைப்பின் தொடக்கத்தில் சரியாக இறங்கினால், 'இது எனக்குத் தெரியும்' என்று பொருள்கொள்ளலாம். பத்துப் பத்து நொடியாகத் தட்டிக்கொண்டே போனால், பேச்சு இழுக்கிறது. தாண்டிப் போய்விட்டுச் சற்றுப் பின்னால் வந்தால், எதையோ தேடுகிறார். நேரே கடைசித் தேர்வுக்குப் போனால், அவருக்கு வேண்டியது சான்றிதழ் மட்டும்.

ஏழாவது நிமிடத்தில் ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி வரும்போது எங்கே நிற்கக் கூடாது என்று சொல்கிறார்கள். தாண்டிய ஆறு பேரில் ஐந்து பேர் பல ஆண்டு அனுபவசாலிகள். அந்தப் பகுதியைப் பற்றிய தேர்வுக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் காணொளியில் குறை இல்லை. அவர்களுக்கு முதலில் தேர்வை வைத்துவிட்டுத் தவறிய பகுதியை மட்டும் காட்டலாம். ஆறாமவர் போன வாரம் சேர்ந்தவர், பதிலும் தவறு. மேற்பார்வையாளர் போய்ப் பேச வேண்டியது அந்த ஒருவரிடம்தான். தாண்டிய இடம், பணிக்காலம், தேர்வுப் பதில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தான் இது தெரிந்தது.

இதே வேலையைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2014இல் ஜூஹோ கிம்மும் உடனிருந்தவர்களும் எடெக்ஸ் இணையப் பாடங்களின் 862 காணொளிகளை நொடி நொடியாக ஆராய்ந்தார்கள். நீளம் கூடக்கூடப் பாதியில் விலகுவோரும் கூடினார்கள். மாணவர்கள் திரும்பிவந்து மொய்த்த இடங்கள் பல, திரையில் காட்சி மாறும் இடத்தை ஒட்டி இருந்தன. முந்தைய படத்தைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டால், பின்னால் போகத்தானே வேண்டும்? ஆங்கில வாசகம் நிறைந்த படத்தைத் தமிழோ வங்காளமோ தாய்மொழியான ஊழியருக்குக் காட்டும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும். அங்கே பின்னோக்கிப் போகிறவர் குறைவாகக் கற்கிறவர் இல்லை; படிக்க நேரம் போதவில்லை.

பதிவே ஏமாற்றும் இடங்களும் உண்டு. நேற்று ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்தியவர் இன்று திறந்தால், தளம் அவரை விட்ட இடத்துக்கே கொண்டுபோகும். அதுவும் பதிவில் ஒரு தாவலாக விழக்கூடும். அப்போது முதல் ஐந்து நிமிடத்தை ஊழியர்கள் வெறுப்பதாக வரைபடம் காட்டும்! தாவலுக்கு முன்னால் யாராவது பட்டையைத் தொட்டார்களா, பார்வை அப்போதுதான் தொடங்கியதா என்று பார்த்தால் வேறுபாடு தெரியும். அதேபோல், காலையில் மேற்பார்வையாளர் தன் கணக்கில் காணொளியை ஓடவிட்டுப் பத்துப் பேருக்குக் காட்டினால், பதிவில் ஒருவர்தான் இருப்பார். அந்தப் பத்துப் பேரும் பார்க்காதவர்கள்.

பல நிறுவனங்கள் இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த தீர்வு, பட்டையைப் பூட்டிவிடுவது. யாரும் தாண்ட முடியாது. நிறைவு நூற்றை நெருங்கும். ஊழியர் ஒலியை அடைத்துவிட்டு வேறு சாளரத்தில் மின்னஞ்சல் பார்ப்பார், காணொளி தன் பாட்டுக்கு ஓடும். எந்த இடம் சலிப்பூட்டுகிறது, எது ஏற்கெனவே தெரிந்தது என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே குறிப்பும் அதோடு போய்விடும். என்னைக் கேட்டால், புதிதாகச் சேர்ந்தவர் கட்டாயம் பார்க்க வேண்டிய ஓரிரு நிமிடங்களை மட்டும் பூட்டலாம், மற்றதைத் திறந்துவிட வேண்டும்.

உங்கள் நிறுவனத்தின் அடுத்த அறிக்கையில் நிறைவு விழுக்காட்டைப் பார்த்ததும், அது கடைசி நொடியைத் தொட்டவர்களின் எண்ணிக்கையா, பார்த்த நொடிகளின் கணக்கா என்று பயிற்சிப் பிரிவிடம் கேட்டுப் பாருங்கள்.