உங்களுக்குத் தெரியுமா? – தோப்பும்படியின் எழுத்துச் சுருக்கங்கள்

கொச்சி தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறைக் கரைகளிலிருந்து வந்து ஆழ்கடலுக்குப் போகும் தமிழர்கள் ஏராளம். படகு, வலை, மீன், ஏற்றுமதி என்று எதை எடுத்தாலும் அங்கே இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளில் பேச்சு முடிந்துவிடும். அதே எழுத்துகள் இடத்துக்கு இடம் வேறு வேறு பொருள் தரும். எந்த இடத்தில் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

★ பாலத்துக்கு ஒரு பி.ஓ.டி.

தோப்பும்படியையும் வெல்லிங்டன் தீவையும் இணைக்கும் புதிய மட்டாஞ்சேரி பாலத்தை ஊரே 'பி.ஓ.டி. பாலம்' என்றுதான் சொல்கிறது. தனியார் நிறுவனம் கட்டி, சில ஆண்டுகள் சுங்கம் வாங்கி நடத்தி, பிறகு அரசிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டுக்கு 'பில்ட், ஆபரேட், டிரான்ஸ்ஃபர்' என்று பெயர். பாலம் 2001-இல் திறக்கப்பட்டது. 2014-இல் சுங்கவசூல் நின்றது. பெயர் மட்டும் மாறவில்லை.

இதே மூன்று எழுத்துகள் பொருளாதாரத்தில் 'பேலன்ஸ் ஆஃப் டிரேட்', அதாவது ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் உள்ள வித்தியாசம். பழைய இயற்பியல் புத்தகங்களில் 'போர்டு ஆஃப் டிரேட்' யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி மின்சாரம். கல்லூரி விளம்பரத்தில் 'பேச்சுலர் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி' என்ற பட்டப்படிப்பு. இங்கே யாரையும் கேட்க வேண்டியதே இல்லை. பாலம், பற்றாக்குறை, யூனிட், அட்மிஷன் என்று பக்கத்தில் நிற்கும் ஒற்றைச் சொல்லே போதும்.

★ எண் முன்னாலா, பின்னாலா?

படகின் பக்கவாட்டில் பதிவு எண் பெரிதாக எழுதியிருக்கும். ஐ.என்.டி. என்றால் இந்தியா. அடுத்து வரும் டி.என். தமிழ்நாடு, கே.எல். கேரளம். அதற்குப் பிறகு எம்.எம். என்று இருந்தால் அது இயந்திரப் படகு, 'மெக்கனைஸ்டு'. என்.எம். என்று இருந்தால் மோட்டாரே இல்லாதது, 'நான்-மோட்டரைஸ்டு'.

அதே படகில் சுருட்டிக் கிடக்கும் வலைக்கும் எம்.எம். உண்டு, அது மில்லிமீட்டர். கேரளக் கடலில் இழுவலையின் பை முனையில் 35 எம்.எம். சதுரக் கண்ணி இருக்க வேண்டும் என்பது விதி. சாய்சதுரக் கண்ணி இழுபடும்போது மூடிக்கொள்ளும். சதுரக் கண்ணி திறந்தே இருப்பதால் குஞ்சுகள் தப்பிப் போகும்.

என்.எம். இன்னும் சிக்கலானது. கடல் வரைபடத்தில் அது நாட்டிக்கல் மைல், 1,852 மீட்டர். இன்ஜின் கையேட்டில் நியூட்டன் மீட்டர், போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்கிற அளவு. தாளில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்துப் பிரிக்கலாம். வாயால் சொல்லும்போது அந்த உதவி கிடையாது. அப்போது எண் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். எழுத்துக்கு முன்னால் மட்டும் எண் வந்தால் அளவு, பின்னாலும் வந்தால் பதிவு. '40 என்.எம்.' என்பதோடு திசையும் சொன்னால் தூரம். போல்ட்டைப் பற்றிய பேச்சென்றால் இறுக்கம்.

★ வால் நுனி வரைக்குமா, பிளவு வரைக்குமா?

கேரளத்தில் பல மீன்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளம் உண்டு. மத்திக்கு 10 சென்டிமீட்டர். நம்மூர்க் கானாங்கெளுத்தியான அயிலாவுக்கு 14. இந்த அளவுகள் டி.எல். கணக்கில் சொல்லப்படுபவை. டி.எல். என்றால் 'டோட்டல் லெங்த்', மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரையிலான முழு நீளம். சூரை போன்ற மீன்களை அளப்பவர்கள் எஃப்.எல். என்று எழுதுவார்கள். அது 'ஃபோர்க் லெங்த்', வால் இரண்டாகப் பிரியும் பிளவு வரைக்குமான நீளம்.

கையில் ஒரு அயிலா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வால் நுனி வரை அளந்தால் 14.3 சென்டிமீட்டர். விதிக்கு உட்பட்ட மீன்தான். அதே மீனைப் பிளவு வரை அளந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறையும், 13-ஐ எட்டாது. அந்த எண்ணை மட்டும் ஒருவர் குறித்து வைத்தால், பிடிக்கத்தக்க மீன் குஞ்சு மீனாகிவிடும். மீன் ஒன்று, அளவுநாடா ஒன்று, கணக்கு மட்டும் இரண்டு.

இங்கே சுற்றியிருக்கும் தடயம் உதவாது. இரண்டுமே நீளம், இரண்டுமே சென்டிமீட்டர், இரண்டும் ஒரே மீனுக்குச் சொல்வது. "டி.எல். என்றீர்களா, எஃப்.எல். என்றீர்களா?" என்று கேட்பதிலும் பலனில்லை. தவறாக எழுதியவர் அதே எழுத்துகளைத் திருப்பிச் சொல்வார். "வால் நுனி வரைக்கும் அளந்தீர்களா, பிளவு வரைக்குமா?" என்று கேளுங்கள், விரலால் தொட்டுக் காட்டிவிடுவார்.

எஃப்.எல்.3 என்று எண் ஒட்டியிருந்தால் அது மீனே இல்லை. கேரளத்தில் மதுக்கூடங்களுக்குக் கொடுக்கும் 'ஃபாரின் லிக்கர்' உரிமம்.

★ படகுக்கா, வண்டிக்கா, வரிக்கா?

'ஏ.ஐ.எஸ். சரிபார்க்கவும்' என்று ஒரு குறுஞ்செய்தி. வாங்கியவருக்குப் படகும் உண்டு, வாடகை வேனும் உண்டு, வருமான வரியும் கட்டுகிறார்.

படகில் ஏ.ஐ.எஸ். என்பது 'ஆட்டோமேட்டிக் ஐடென்டிஃபிகேஷன் சிஸ்டம்'. படகின் அடையாளம், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் வி.எச்.எஃப். அலையில் பக்கத்துக் கப்பல்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் கருவி. வேனில் அது 'ஆட்டோமோட்டிவ் இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்டு', ஏ.ஐ.எஸ்.140 என்பது வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவிக்கான தரம். வரித்துறையில் அது 2021 நவம்பரில் வந்த 'ஆனுவல் இன்ஃபர்மேஷன் ஸ்டேட்மென்ட்', ஒருவருடைய வட்டி, பங்கு, பெரிய செலவுகள் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும் பட்டியல்.

தடயம் எண்ணில் இருக்கிறது. 140 என்று இருந்தால் வண்டி. 419-இல் தொடங்கும் ஒன்பது இலக்க எண் இருந்தால் இந்தியப் படகு. கடல் வானொலியில் 419 இந்தியாவின் குறியீடு. பான் எண்ணோ நிதியாண்டோ இருந்தால் வரி. எதுவுமே இல்லையென்றால், அனுப்பியவரிடம் "படகுக்கா, வண்டிக்கா, வரிக்கா?" என்று கேட்டால் போதும்.

★ நரம்பு எடுத்ததா, எடுக்காததா?

இறால் ஏற்றுமதியில் பி.டி. என்றால் 'பீல்டு அண்ட் டீவெயின்டு': ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கருப்புக் குடல் நரம்பையும் எடுத்தது. பி.யு.டி. என்றால் ஓட்டை மட்டும் உரித்தது, நரம்பு உள்ளேயே இருக்கும். அதே அலுவலகத்தில் கணக்கர் பி.டி. என்றால் 'போஸ்ட் டேட்டட்', பின்தேதியிட்ட செக்.

செக்கையும் இறாலையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். 'பி.டி. 26/30' என்று வந்தால் ஒரு பவுண்டுக்கு 26 முதல் 30 இறால் என்பது தெளிவு. சிக்கல் பி.டி.க்கும் பி.யு.டி.க்கும் நடுவில்தான். இரைச்சலான தொலைபேசியில் ஒரு 'யு' காதில் விழாமல் போனால், நரம்பு எடுத்த இறால் கேட்டவருக்கு எடுக்காத இறால் போய்ச் சேரும். பெட்டி பெட்டியாக உறைய வைத்த பிறகு அதைத் திருத்த முடியாது. அதனால் ஆர்டரை எழுதிக்கொள்பவர் பி.டி.யா பி.யு.டி.யா என்று கேட்பதைவிட, "நரம்பு எடுத்ததா, எடுக்காததா?" என்று கேட்பதே சரி. ஒற்றை எழுத்து காதில் விழாமல் போகலாம். இந்தக் கேள்விக்கு வரும் பதில் தவறிப் போகாது.