அபராதம் 1 ரூபாயா, 0 ரூபாயா?

ஒரு நூலகத்துக்குப் புதிதாக மென்பொருள் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விதி எளிது. புத்தகத்தை 14 நாள் வைத்துக்கொள்ளலாம். தாண்டினால் நாளுக்கு 1 ரூபாய் அபராதம். எவ்வளவு தாமதமானாலும் 50 ரூபாய்க்கு மேல் போகாது. எழுதியவர் வேலை முடிந்தது என்கிறார். அது உண்மைதானா என்று பார்ப்பவர் டெஸ்டர்.

அவர் நேரே கணினி முன் உட்கார்ந்து தட்டத் தொடங்கினால் பயனில்லை. முதலில் சோதனைத் திட்டம் எழுத வேண்டும். எந்த பில்ட், எந்தக் கணினி, எதைச் சோதிக்கிறோம், எதை விட்டுவிடுகிறோம், எந்த நிலையில் 'போதும்' என்போம் என்பதெல்லாம் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். இதற்கென்று 1983லேயே ஐஇஇஇ 829 என்றொரு தரநிலை வந்தது. சின்ன வேலைக்கு அதன் அத்தனை தலைப்புகளும் தேவையில்லை என்பது என் கருத்து.

திட்டத்தின் உயிர் டெஸ்ட் கேஸ்களில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், உள்ளிட வேண்டிய தேதிகள், வர வேண்டிய விடை. இந்த விடையை மென்பொருளை ஓட்டுவதற்கு முன்பே, விதியைப் பார்த்துக் கையால் கணக்கிட்டு எழுதிவிட வேண்டும். திரையில் ஒரு தொகையைப் பார்த்துவிட்டால், 'சரியாகத்தான் இருக்கும்' என்று மனம் சமாதானமாகிவிடும்.

அப்படி எழுத உட்கார்ந்ததுமே முதல் சிக்கல் வருகிறது. 1ஆம் தேதி எடுத்த புத்தகத்தை 15ஆம் தேதி கொடுத்தால் அபராதம் உண்டா? எடுத்த நாளையும் எண்ணினால் அது 15ஆம் நாள், எண்ணாவிட்டால் 14. விதியில் இது இல்லை. நூலகரைக் கேட்டால், எடுத்த நாள் கணக்கில் வராது என்கிறார். மென்பொருளை ஒரு முறைகூட ஓட்டாமலே ஒரு ஓட்டை அடைபட்டது.

அடுத்து, எந்தத் தேதிகளை எடுப்பது? தவறுகள் பெரும்பாலும் எல்லையில்தான் ஒளிந்திருக்கும். ஆகவே TC-01ல் 14 நாள், விடை 0. TC-02ல் 15 நாள், விடை 1 ரூபாய். TC-03ல் 10-01-2023 முதல் 14-03-2023 வரை 63 நாள், விடை 49. TC-04ல் 65 நாள், விடை 50. TC-05 லீப் ஆண்டுக்கு: 20-02-2024ல் எடுத்து 06-03-2024ல் கொடுத்தால் 15 நாள், விடை 1 ரூபாய். TC-06ல் எடுத்த தேதிக்கு முந்தைய தேதியைக் கொடுத்தால் மென்பொருள் ஏற்க மறுக்க வேண்டும். TC-07 ரசீது அச்சாகிறதா என்பது.

இப்போது 1.2 என்ற பில்டை ஓட்டுகிறார். சோதனை அறிக்கை இதே 7 வரிசையில், இதே எண்களோடு எழுதப்படும். TC-05 மட்டும் 0 ரூபாய் காட்டுகிறது. 'லீப் ஆண்டுக் கணக்கு சரியில்லை' என்று எழுதினால் திருத்துபவருக்கு உதவாது. உள்ளிட்ட தேதிகள், வர வேண்டியது 1, வந்தது 0, பில்ட் எண், திரைப் படம், பக் எண் எல்லாம் அந்த வரியில் இருந்தால்தான் அவர் தன் கணினியில் அதையே செய்து பார்க்க முடியும். பார்த்தால் காரணம் தெரிகிறது: பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள் என்று எழுதியிருக்கிறார்.

TC-07ஐ ஓட்டவே முடியவில்லை, பிரிண்டர் இணைக்கப்படவில்லை. அது பாஸும் அல்ல, ஃபெயிலும் அல்ல, 'பிளாக்டு'. இங்கேதான் அறிக்கைகள் நழுவும். 5 பாஸ், 1 ஃபெயில், 1 பிளாக்டு என்பதே உண்மை. ஓட்டிய 6ஐ மட்டும் எடுத்தால் 83 சதவீதம். 7ஐயும் எடுத்தால் 71. சதவீதத்தை மட்டும் போட்டு, எதில் வகுத்தோம் என்று சொல்லாத அறிக்கையை நம்பாதீர்கள்.

திருத்திய 1.3 பில்ட் வருகிறது. TC-05 பாஸ். அத்தோடு நிறுத்தாமல் மற்றவற்றையும் மறுபடி ஓட்டினால், TC-03 இப்போது 49க்குப் பதில் 50 காட்டுகிறது. எல்லா ஆண்டுக்கும் 29 நாள் என்று மாற்றிவிட்டார் புண்ணியவான்! பழைய ஃபெயில் வரியை அழித்து அதன்மேல் பாஸ் எழுதாமல், இதை இரண்டாம் சுற்றாகத் தனியே பதிய வேண்டும். எந்தத் திருத்தம் எதைக் கெடுத்தது என்பது அந்தப் பழைய வரிகளிலிருந்துதான் தெரியும்.

1.4ல் இரண்டும் சரியாகின்றன. அபராதக் கணக்கில் ஒரு ஃபெயில்கூட இருக்கக் கூடாது என்று திட்டத்தில் எழுதியிருந்தால் அது நிறைவேறிவிட்டது. ஆனால் TC-07 இன்னும் பிளாக்டுதான். ரசீது சோதிக்கப்படவில்லை என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதி, நூலகரிடம் கொடுக்க வேண்டும். அப்படியே பயன்படுத்தத் தொடங்கலாமா, பிரிண்டர் வரும்வரை பொறுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர், டெஸ்டர் அல்ல.