உலை ஓடும் நேரத்தில் வரலாமா?

கோவையில் பம்புக்கான இரும்பு காஸ்டிங் செய்யும் ஒரு ஃபவுண்டரியை எடுத்துக்கொள்வோம். சில வாரங்களாக பம்பு பாடியை லேத்தில் கடையும்போது, மேல்தோலுக்கு அடியில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் தெரிகின்றன. மணல் மோல்டை இறுக வைக்கும் ரெசின் மேல் சந்தேகம். சப்ளையருக்குப் புகார் போகிறது. பதிலுக்கு அங்கிருந்து ஒரு கடிதம்: “தங்கள் மேலான தொழிற்சாலையைப் பார்வையிட விரும்புகிறோம். வசதியான தேதியைத் தெரிவிக்கவும்.”

பர்சேஸ் ஆபீசர் “புதன்கிழமை வாங்க சார்” என்கிறார். புதன் காலை பதினோரு மணிக்கு கேட்டில் நான்கு பேர் நிற்கிறார்கள். செக்யூரிட்டியிடம் இரண்டு பெயர்கள்தான் இருக்கின்றன. உள்ளே போனால் உலை ஓடவில்லை, இரவு ஷிப்டில்தான் உருக்குவார்கள். ஓட்டை விழுந்த காஸ்டிங்குகளோ போன வாரமே திரும்ப உலைக்குள் போய்விட்டன. டீ குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

நோக்கத்தை எழுதச் சொன்னால் பலரும் ‘நல்லுறவை வளர்க்க’ என்று எழுதுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு புரொடக்‌ஷன் மேனேஜர் எதையும் தயார் செய்ய முடியாது. இந்தக் கேஸில் எழுத வேண்டியது இதுதான்: “மிக்சரில் ரெசினும் ஆசிடும் எவ்வளவு விழுகிறது என்று அளக்க வேண்டும். மறுபடி பயன்படுத்தும் மணலில் இரண்டு கிலோ சாம்பிள் வேண்டும். ஓட்டை விழுந்த காஸ்டிங் நான்கை உருக்காமல் எடுத்து வைக்கவும்.”

காரணம் இருக்கிறது. இந்த வகை மோல்டில் ரெசின் மணலின் எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். அதை இறுக வைக்கும் ஆசிட் அதிலும் குறைவு. பம்பு கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினாலும் மோல்டில் ரெசின் மிஞ்சிவிடும். உருகிய இரும்பு உள்ளே இறங்கும்போது மிஞ்சிய ரெசின் எரிந்து வாயுவாகும். வெளியேற வழியில்லாத வாயு ஓட்டையாக நின்றுவிடும். பழைய மணலில் ஒட்டியிருக்கும் ரெசின் கழிவும் இதே வேலையைச் செய்யும். சாம்பிள் மணலை லேபில் சுட்டு, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் கழிவின் அளவு தெரிந்துவிடும். ஆக, குற்றவாளி புது ரெசினா, பம்பா, பழைய மணலா என்று பிரித்துச் சொல்லலாம். சப்ளையருக்கே இது நல்லது, பழி தன் தலையில் மட்டும் விழாது.

அளப்பது சுலபம். ரெசின் குழாயைக் கழற்றி, குறிப்பிட்ட விநாடிகளுக்கு ஒரு கப்பில் பிடித்து எடை போடுவார்கள். ஆனால் இங்கேதான் ‘பார்க்க வருகிறோம்’ என்பது ‘கை வைக்க வருகிறோம்’ என்றாகிறது. மிக்சருக்குள் மணலைத் தள்ளும் பிளேடு திடீரென்று சுற்றாமல் கரண்ட்டைத் துண்டித்துப் பூட்ட வேண்டும், அதற்குத் தனியாக ஒர்க் பெர்மிட் வேண்டும். ஆசிட் தெறித்தால் தாங்கும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். கடிதத்தில் இது இல்லையென்றால் சேஃப்டி ஆபீசர் கப்பைத் தொடவே விடமாட்டார். விடாததுதான் சரி.

யார் வருகிறார்கள் என்பதில் பெயரோடு ஒவ்வொருவரும் என்ன செய்யப் போகிறார் என்றும் இருக்க வேண்டும். டெக்னிக்கல் ஆள் ஒருவர், அந்த ஏரியா சேல்ஸ் ஆள் ஒருவர். இரண்டு பேர் போதும். ‘அப்படியே பார்த்துட்டு வரட்டும்’ என்று சேர்த்துவிடும் மூன்றாவது ஆளை ஃபவுண்டரிக்காரர்கள் விரும்புவதில்லை. அதே சப்ளையர் நாளைக்குப் போட்டிக் கம்பெனிக்கும் போவார் அல்லவா? லேப்டாப்பின் சீரியல் நம்பர், படம் எடுக்க வேண்டிய இடம் இரண்டையும் முன்கூட்டியே எழுதிக் கேட்பது அதனால்தான்.

நேரத்தைப் பொறுத்தவரை எத்தனை மணி நேரம் என்பதைவிட எந்த நேரம் என்பதே பெரிது. ரெசின் இறுகும் வேகம் மணலின் சூட்டைப் பொறுத்தது. மதிய வெயிலில் சூடேறிய மணல் சீக்கிரம் இறுகத் தொடங்கிவிடும். இரவில் அதே மணல் நிதானமாக இருக்கும். “மோல்டு போடுவதை மதியம் இரண்டு மணி நேரமும், இரும்பு ஊற்றுவதை இரவு ஒரு மணி நேரமும் பார்க்க வேண்டும்” என்று பிரித்துக் கேட்பவருக்குத்தான் விஷயம் பிடிபடும்.

பாதுகாப்புப் பகுதியில் “விதிகளுக்குக் கட்டுப்படுவோம்” என்ற ஒரு வரி போதாது. வருபவர்களின் ஷூ சைஸை எழுதுங்கள். எல்லா சைஸிலும் பாதுகாப்பு ஷூ ஸ்டோரில் இருக்காது. பாலியெஸ்டர் சட்டை தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும், எனவே பருத்தி உடையில் வர வேண்டும். யாருக்காவது இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். இண்டக்‌ஷன் உலையின் காந்தப்புலம் அதைக் குழப்பக்கூடும் என்பதால், அவரை உலைப் பக்கம் விடாமல் லேபோடு நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் பாட்டிலும் உலையருகே கூடாது. 1,300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இரும்புக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் மாட்டினாலும் நொடியில் நீராவியாகி இரும்பை வெடித்துச் சிதறடிக்கும்.

பதிலில் ஃபவுண்டரி சொல்ல வேண்டியவை இரண்டு: கூடவே இருக்கப்போகிறவர் யார், அன்றைய உருக்கு நிச்சயமா. கரண்ட் கட் வந்தாலோ ஆர்டர் மாறினாலோ உருக்கு தள்ளிப்போகும். அதனால் கிளம்பும் முன்பு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும்.